வாட்ஸ்அப் உரையாடலை வழக்குக்காகப் பத்திரப்படுத்துவது: ஸ்க்ரீன்ஷாட் ஏன் போதாது

"துபாயில் வேலை பார்க்கிறேன். ஊரில் வீடு கட்ட ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தளம் ஒழுகுகிறது, இப்போது நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். முக்கியமான மெசேஜ்களை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். கோர்ட்டில் இது போதுமா? அடுத்த வாரம் போன் மாற்றப் போகிறேன்."

முதலில் அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ரீசெட் செய்யவும் வேண்டாம், வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி நிறுவவும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் போதுமா என்பதைவிட இது அவசரம். உங்கள் வழக்கின் அசல் ஆவணம் அந்தப் போனில்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்து வைத்திருப்பவை அதைப் பார்த்து எடுத்த படங்கள் மட்டுமே. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாயை விட்டுவிடுங்கள்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் பல வருடங்களாக சிவில் வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் நடத்துகிற வழக்கறிஞன். கட்டுமானத் தகராறுகள் நிறைய வரும். அதிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவர்களின் வழக்குகளில் எஸ்டிமேட், பேமெண்ட், புகார், சமாதானம் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடந்திருக்கும், உங்களுடையதைப் போலவே. அதனால் கீழே சொல்வதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் இருக்கும், நடைமுறையில் எது எடுபடுகிறது என்பதும் இருக்கும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் எது எது என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

ஸ்க்ரீன்ஷாட்டில் உண்மையில் என்ன தெரிகிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேலே ஒரு பெயர் இருக்கும். அது நீங்கள் உங்கள் போனில் சேமித்து வைத்த பெயர், அவருடைய எண் அங்கே தெரியாது. யாருடைய எண்ணையும் எந்தப் பெயரிலும் யாரும் சேமிக்கலாம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். அப்புறம் ஒவ்வொரு மெசேஜுக்கும் பக்கத்தில் மணி மட்டும் இருக்கும், தேதி இருக்காது. தேதி என்பது அந்த நாளின் முதல் மெசேஜுக்கு மேலே நடுவில் வரும் ஒரு சின்னப் பட்டை, ஸ்க்ரோல் செய்து எடுத்த படத்தில் அது பல நேரம் விழுந்திருக்காது, விழுந்திருந்தாலும் அன்றோ மறுநாளோ எடுத்த படமாக இருந்தால் "Today", "Yesterday" என்று மட்டும் இருக்கும். அடுத்து, படத்துக்கு மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்பது தெரியாது. போலி வாட்ஸ்அப் உரையாடலை உருவாக்கித் தரும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதும் இப்போது நீதிபதிகளுக்குத் தெரிந்த விஷயம். இவ்வளவும் சேர்ந்துதான் ஸ்க்ரீன்ஷாட்டை பலவீனமாக்குகிறது. ஆனால் என் அனுபவத்தில் பொய் என்ற குற்றச்சாட்டைவிட, பாதி என்ற குற்றச்சாட்டுதான் அதிகம் கெடுக்கும்.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொன்னால் இது புரியும். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டுக்காரர் வளைகுடாவில், காண்ட்ராக்டர் ஊரில். தளம் போட்டு சில மாதங்களில் மழைக்கு உள்பக்கம் ஓதம் இறங்கியது. வீட்டுக்காரர் நாலு படம் அனுப்பினார். காண்ட்ராக்டர் "சரி சார், அது நம்ம தப்புதான், நம்ம செலவுலயே பண்ணித் தரேன்" என்று பதில் போட்டார். இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா என்று வீட்டுக்காரர் அந்த ஒரு பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டு நோட்டீஸோடு அனுப்பினார். என்னிடம் வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. காண்ட்ராக்டரின் எதிர்வாதம் என்ன தெரியுமா? மெசேஜ் நான் அனுப்பியதுதான், ஆனால் அது பாத்ரூம் டைல்ஸ் நிறம் மாறி வந்ததைப் பற்றி, தளத்தைப் பற்றியது இல்லை, டைல்ஸை மாற்றியும் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டில் இதை மறுக்க எதுவும் இல்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய மெசேஜ்கள் படத்தில் இல்லை.

அதோடு நிற்கவில்லை. தளம் போட்டு இரண்டு வாரம் கழித்து வீட்டுக்காரர் "கியூரிங் போதும், அடுத்த வேலையைச் சீக்கிரம் ஆரம்பிங்க" என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தார். அதை காண்ட்ராக்டர் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொன்னதே வீட்டுக்காரர்தான், அதனால்தான் தளம் வெடித்தது என்பது வாதம். வீட்டுக்காரர் கொடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுகளில் அந்த மெசேஜ் இல்லை. வேண்டுமென்றே மறைத்துவிட்டு தனக்குச் சாதகமானதை மட்டும் காட்டுகிறார் என்று ஆகிவிட்டது. ஒரு மெசேஜ் பாதகமாக இருந்ததைவிட, அதை மறைத்தவர் என்ற பெயர்தான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

நல்லவேளை, அவருடைய போன் அப்படியே இருந்தது. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வரி வரியாகப் படித்தோம். கியூரிங் போதும் என்ற மெசேஜுக்கு அடுத்த வரியிலேயே காண்ட்ராக்டரின் பதில் இருந்தது: "பதினாலு நாள் தண்ணி விட்டாச்சு சார், கியூரிங் முடிஞ்சுது, நானே சொல்லலாம்னு இருந்தேன்." அந்த ஒரு வரியில் கியூரிங் வாதம் போய்விட்டது. அதை காண்ட்ராக்டரும் வெட்டிவிட்டுத்தான் கொடுத்திருந்தார், ஆனால் முழுவதையும் தாக்கல் செய்தவர் என்ற நிலையில் நின்று அதைச் சொல்ல முடிந்தவர் வீட்டுக்காரர் மட்டும்தான். டைல்ஸ் விஷயமும் அதே எக்ஸ்போர்ட்டில்தான் தெளிந்தது, ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்து, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எப்படி எடுப்பது. ஆண்ட்ராய்டு போனில் அந்த உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகள், More, Export chat. ஐபோனில் மேலே உள்ள பெயரைத் தொட்டு உள்ளே போய்க் கீழே வந்தால் Export Chat இருக்கும். வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் கொஞ்சம் மாறும். படங்களோடு வேண்டுமா, இல்லாமலா என்று கேட்கும். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 மெசேஜ்கள் வரைதான் வரும், படங்கள் இல்லாமல் என்றால் 40,000 வரை. ஒரு வீடு கட்டி முடிக்கும் உரையாடல் 10,000-ஐத் தாண்டுவது அபூர்வம், ஆனாலும் இரண்டு விதமாகவும் ஒவ்வொரு முறை எடுத்துவிடுங்கள். வந்த கோப்பின் முதல் வரி உரையாடலின் உண்மையான முதல் நாளில் தொடங்குகிறதா என்று பாருங்கள், தொடங்கவில்லை என்றால் வரம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உரையாடலை ஆரம்பத்திலிருந்து ஸ்க்ரோல் செய்து, டவுன்லோடு ஆகாமல் மங்கலாகக் கிடக்கும் படங்கள், வாய்ஸ் மெசேஜ்கள், பில் பிடிஎஃப்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் உங்கள் போனில் இருப்பதைத்தான் எடுத்துத் தரும். இடம் போதவில்லை என்று நீங்கள் எப்போதோ கேலரியில் அழித்த படத்துக்குப் பதில் `<Media omitted>` என்றுதான் வரும். மிகப் பழையவை இறங்காமல் போகலாம். அப்படிப்பட்ட படத்தை அப்பாவோ தம்பியோ சைட்டிலிருந்து எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தால், அவர்கள் போன் கேலரியில் ஒரிஜினல் இருக்கும், அதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் கேமரா பதிந்த நேரம், இடம் போன்ற விவரங்கள் நீக்கப்பட்டிருக்கும், கேலரியில் உள்ள ஒரிஜினலில் அவை இருக்கும்.

எக்ஸ்போர்ட்டில் ஒவ்வொரு மெசேஜும் தேதி, மணி, பெயர், வாசகம் என்று ஒரே வரிசையில் வரும், ஏறக்குறைய இப்படி:

```
12/03/24, 7:42 pm - Contractor: சரி சார், பண்ணித் தரேன்
```

ஐபோனில் நொடியும் சேர்ந்து வரும். அழிக்கப்பட்ட மெசேஜ் இருந்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும், திருத்தப்பட்டிருந்தால் திருத்தப்பட்டது என்று வரும். ஒரு படம் எந்த மெசேஜுக்கு முன்னால் வந்தது, எதற்குப் பின்னால் வந்தது என்பது கோப்பின் பெயரோடு அதே இடத்தில் இருக்கும். அறுபது ஸ்க்ரீன்ஷாட்டை அடுக்கி வைத்தாலும் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது. எதிர்த்தரப்பு ஒரு மெசேஜ் விடுபட்டிருக்கிறது என்று சொன்னால், எந்தத் தேதி, எந்த மணி என்று அவர்கள்தான் காட்டியாக வேண்டும், அவர்கள் போனிலும் அதே உரையாடல் இருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட் என்பது பூட்டுப் போட்ட பெட்டி இல்லை. அது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து எந்த வரியையும் யாரும் மாற்றலாம். தனியாகப் பார்த்தால் ஸ்க்ரீன்ஷாட்டைவிட அதைத் திருத்துவது எளிது என்றுகூடச் சொல்லலாம். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. முழுவதும் இருப்பதால், எந்த இடத்தை வேண்டுமானாலும் போனில் உள்ள அசலோடு வைத்துப் பார்க்கலாம். நான் சொன்ன வழக்கில் அப்படித்தான் நடந்தது, சாட்சிக் கூண்டில் போனை வாங்கி, இரண்டு மூன்று தேதிகளைச் சொல்லி, பிரிண்ட்டோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது, அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. போன் இல்லாத எக்ஸ்போர்ட்டுக்கு இந்தப் பலம் பாதியாகிவிடும், அதனால்தான் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

எடுத்த பிறகு கோப்பை யாரும் தொடவில்லை என்று காட்டுவதற்குத்தான் ஹாஷ் மதிப்பு. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீளமான எண்-எழுத்துத் தொடர் அது. ஒரு கமாவை மாற்றினாலும் முழுத் தொடரும் மாறிவிடும், கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் மாறாது. விண்டோஸ் கணினியில் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து இதை அடித்தால் போதும்:

```
certutil -hashfile "chat.zip" SHA256
```

மேக் என்றால் `shasum -a 256 chat.zip`. வரும் விடையை அப்படியே நகலெடுத்து, எடுத்த தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு சின்னதாக இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். இந்த முதல் கோப்பைத் திறந்து படிக்க வேண்டாம், ஒரு நகல் எடுத்து அதைத் திறங்கள். இன்னொரு விஷயம், அடுத்த மாதம் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் ஹாஷ் வேறாகத்தான் வரும். இடையில் ஒரு புது மெசேஜ் வந்திருந்தாலே போதும், கோப்பு வேறு. அது திருத்தியதற்கு அடையாளம் இல்லை, ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டு தாக்கல் செய்தால் குறுக்கு விசாரணையில் தேவையில்லாமல் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டம் இதில் எங்கே வருகிறது என்றால், 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்திருக்கிறது. பழைய 65பி பிரிவு இருந்த இடத்தில் இப்போது 63-வது பிரிவு. மின்னணுப் பதிவின் பிரிண்ட்டையோ நகலையோ தாக்கல் செய்யும்போது கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, இரண்டு பகுதிகள். முதல் பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும்: எந்தக் கருவி, என்ன மாடல், சீரியல் எண், ஐஎம்இஐ, அது உங்கள் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இயங்கியதா, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன, எந்த முறையில் கணக்கிட்டது. இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். போனை மாற்றுவதற்கு முன் `*#06#` அடித்து ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வாங்கிய பில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் கட்டாயமா என்பதில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் 2014-லும் மறுபடி 2020-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: நகலைக் கொடுத்தால் கட்டாயம். அசல் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டேறி, இது என்னுடையது, இதில்தான் இருக்கிறது என்று காட்டினால் தேவையில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் டெல் நிறுவனம் தொடர்ந்த ஒரு வழக்கில், உரிய சான்றிதழ் இல்லாத வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. அது ஒரு நுகர்வோர் தகராறிலிருந்து மேலே போன வழக்கு என்பதால் உங்களுக்கு நெருக்கமான உதாரணம். இதை வைத்து ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, எக்ஸ்போர்ட் செல்லும் என்று புரிந்துகொள்ளக் கூடாது. சான்றிதழ் இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே கதிதான். சான்றிதழோடு கொடுக்கும்போது எதை நீதிபதி நம்புவார் என்ற அடுத்த கேள்வியில்தான் எக்ஸ்போர்ட் முன்னால் நிற்கிறது.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் இருக்கிறது. சான்றிதழின் இரண்டாம் பகுதியில் கையெழுத்திடத் தகுதியான நிபுணர் யார் என்பதில் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சில இடங்களில் தனியார் தடயவியல் ஆய்வாளரின் கையெழுத்தை ஏற்கிறார்கள், சில இடங்களில் அரசு அறிவித்த ஆய்வாளர்தான் வேண்டும் என்று எதிர்த்தரப்பு சண்டை போடுகிறது. நீங்கள் வழக்குப் போடும் நீதிமன்றத்தில் என்ன வழக்கம் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்பதுதான் வழி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் சாட்சிய விதிகளில் பொதுவாக இவ்வளவு கறார் இருக்காது, பிரமாண வாக்குமூலத்தோடு ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேல்முறையீட்டில் கேள்வி வரலாம் என்பதால் அங்கேயும் சான்றிதழோடு கொடுப்பதுதான் என் பழக்கம்.

உங்கள் விஷயத்தில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் நேரம். நீங்கள் துபாயில் இருக்கிறீர்கள், இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வாட்ஸ்அப் எக்ஸ்போர்ட் செய்யும்போது போன் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் எழுதும். காண்ட்ராக்டர் இரவு 8:10-க்கு அனுப்பிய மெசேஜ் உங்கள் கோப்பில் 6:40 என்று இருக்கும். இந்திய நேரம் இரவு ஒரு மணிக்கு வந்த மெசேஜ் என்றால் தேதியே முந்தைய நாளாகிவிடும். அவர் தன் போனைக் காட்டி, பாருங்கள் நேரமே பொருந்தவில்லை, கோப்பைத் திருத்தியிருக்கிறார் என்று ஒரு நாள் முழுக்க வாதம் செய்யலாம். ஊருக்கு வரும்போது போன் இந்திய நேரத்துக்கு மாறியபின் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, அதையே தாக்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது துபாயில் எடுப்பதும் அவசியம், தள்ளிப்போட வேண்டாம், ஆனால் அது எந்த ஊர் நேரம் என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், சான்றிதழிலும் குறிப்பிடச் சொல்லுங்கள். ஏற்கனவே எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுகளும் துபாய் நேரம்தான் காட்டும், எக்ஸ்போர்ட்டோடு ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

அதே காரணத்தால் இன்னொன்றும். அப்பாவுக்கு பவர் கொடுத்து அவர் மூலமாக வழக்கை நடத்துவது பலர் செய்வது, அதில் தவறில்லை. ஆனால் உங்கள் போனில் நீங்கள் பேசிய உரையாடலைப் பற்றி அவர் சாட்சி சொல்ல முடியாது. உங்களுக்கு மட்டும் நேரில் தெரிந்த விஷயத்தைப் பவர் ஏஜென்ட் உங்களுக்குப் பதிலாகக் கூண்டேறிச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. சான்றிதழில் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஒரு கட்டத்தில் நீங்கள் வரவோ காணொலியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்கவோ வேண்டியிருக்கும்.

இனி உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டுகளுக்கு வருகிறேன், அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. எக்ஸ்போர்ட்டில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன, அதற்கு ஸ்க்ரீன்ஷாட்தான் வேண்டும். ஒரு குறிப்பிட்ட மெசேஜைப் பிடித்து இழுத்துப் பதில் போட்டால், எதற்குப் பதில் என்பது திரையில் மேலே சின்னதாகத் தெரியும், எக்ஸ்போர்ட்டில் அது வராது, பதில் மட்டும் தனியாக நிற்கும். நான் சொன்ன வழக்கில் டைல்ஸ் சிக்கல் இதுதான். எக்ஸ்போர்ட்டில் பார்த்தால் தளத்தின் படங்களும் டைல்ஸ் பற்றிய இரண்டு வரியும் அடுத்தடுத்து இருந்தன, அதற்குப் பிறகுதான் "நம்ம தப்புதான்" வந்தது. எழுத்துக் கோப்பை மட்டும் வைத்து எதற்கான பதில் என்று சொல்ல முடியவில்லை. போனைத் திறந்து பார்த்தால் அந்தப் பதில் ஓதம் இறங்கிய படத்தைப் பிடித்து இழுத்துப் போட்ட பதில், படத்தின் சின்ன உருவம் பதிலோடு ஒட்டியே இருந்தது. அந்த இடத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எக்ஸ்போர்ட்டில் எந்தத் தேதி, எந்த மணி வரிக்கு உரியது என்று எழுதி இணைத்தோம். இப்படி எக்ஸ்போர்ட்டின் ஒரு வரியைச் சுட்டி நிற்கும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மதிப்பு அதிகம், காண்ட்ராக்டரால் அதற்கு மேல் டைல்ஸ் கதையைத் தொடர முடியவில்லை.

அதேபோல நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டுக்கு அவர் கட்டைவிரல் எமோஜி ஒட்டியிருந்தால் அதுவும் எக்ஸ்போர்ட்டில் வராது. நீங்கள் அனுப்பிய மெசேஜை அவர் எப்போது படித்தார் என்பது, மெசேஜை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் தெரியும் (அவர் அந்த வசதியை அணைக்காமல் இருந்தால்), அதுவும் திரையில் மட்டும்தான். இவற்றை எடுக்கும்போது படத்தை வெட்டாதீர்கள், மேலே ஸ்டேட்டஸ் பட்டையிலிருந்து கீழே தட்டச்சுப் பெட்டி வரை முழுத் திரையும் இருக்கட்டும். அவருடைய பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தையும், எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அந்த எண் அவருடையதுதான் என்பதற்கு வாட்ஸ்அப்புக்கு வெளியே ஏதாவது வேண்டும்: விசிட்டிங் கார்டு, அவர் கொடுத்த கொட்டேஷன் தாள், அந்த எண்ணுக்கு நீங்கள் போட்ட ஜிபே பணம், பேங்க் ஸ்டேட்மென்ட். பணம் போன தேதியும் உரையாடலில் "வந்துருச்சு சார்" என்று வந்த தேதியும் ஒன்றாக இருந்தால் அதற்கு மேல் அவர் அந்த எண் என்னுடையதில்லை என்று சொல்வது கஷ்டம்.

வாய்ஸ் மெசேஜ்களைப் பற்றி ஒரு வார்த்தை. காண்ட்ராக்டர்கள் பாதிப் பேச்சை வாய்ஸில்தான் அனுப்புவார்கள். படங்களோடு எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் ஆடியோ கோப்புகளும் வரும், ஆண்ட்ராய்டில் `PTT` என்று தொடங்கி `.opus` என்று முடியும் பெயரில் இருக்கும். முக்கியமானவற்றை எழுத்தில் பெயர்த்து, கோப்பின் பெயரோடு தனியாக ஒரு தாள் தயார் செய்யுங்கள், அவர் பேசிய பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்தமான தமிழாக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் நிறுவனத்திடமிருந்து மெசேஜ்களை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். இரு முனைக் குறியாக்கம் இருப்பதால் போய்ச் சேர்ந்த மெசேஜின் உள்ளடக்கம் அவர்களிடம் இருப்பதில்லை. உங்கள் போன், அவர் போன், இருவரின் பேக்கப், இவ்வளவுதான் இருக்கும் இடங்கள். புதுப் போனுக்கு உரையாடலை மாற்றிக்கொள்வதில் தவறில்லை, அன்றாடப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழையதை சார்ஜ் போட்டு, ஸ்க்ரீன் லாக் எண்ணை எழுதி வைத்து, பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதே எண்ணைப் புதுப் போனில் பதிவு செய்ததும் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், உரையாடலைத் திறந்து காட்ட முடியாது. முடிந்தால் வழக்கு முடியும்வரை அந்த எண்ணின் வாட்ஸ்அப்பைப் பழைய போனிலேயே விட்டுவிட்டு, புதுப் போனை Linked devices வழியாக இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பழைய போனை நெட்டில் இணைத்து வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைத்த போனில் வெளியேறிவிடும்.

கடைசியாக வரிசை. இவை எல்லாவற்றையும் வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன் முடித்துவிடுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே அவரும் ஒரு வக்கீலைப் பார்ப்பார். பழைய மெசேஜ்களை உங்கள் போனிலிருந்து அவரால் அழிக்க முடியாது, எல்லோருக்கும் அழிக்கும் வசதிக்கு ஏறக்குறைய இரண்டரை நாள்தான் கெடு. ஆனால் 2025-லிருந்து Advanced chat privacy என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அவர் அதை ஆன் செய்துவிட்டால் உங்கள் பக்கத்தில் எக்ஸ்போர்ட் தடைபட்டுவிடும். இப்போதே ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மறையும் மெசேஜ் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டுமே அவர் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தில் இருக்கும். மறையும் மெசேஜ் ஆன் ஆகியிருந்தால் அதற்குப் பின் வந்தவை 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ போய்விடும், அப்படியானால் ஊருக்கு வரும்வரை காத்திருக்காமல் இன்று ராத்திரியே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்.